ஒரே சமயத்தில் இரண்டு வேலை: பயோடேட்டாவில் எப்படிக் காட்டுவது?

கோவையில் பி.காம். முடித்த ஒரு பெண்ணின் பயோடேட்டாவை எடுத்துக்கொள்வோம். 2017-இல் பட்டம் வாங்கிய கையோடு பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் கணக்காளராகச் சேர்ந்தார். ஒன்றரை வருடம் கழித்து, வீட்டுச் செலவுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் மாலை வேலைக்கும் போனார். பிறகு தொழிற்சாலை வேலை போனது, திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஆடிட்டர் வேலையை மட்டும் விடாமல் வைத்திருந்து 2023-இல் நிறுத்தினார். ஊரில் நூறு வீட்டில் நடக்கிற கதைதான் இது. அதை அவர் 2025 ஜூன் மாதக் கடைசியில் இப்படி எழுதினார் என்று வையுங்கள்:

2021 – இன்று வரை: கணக்காளர், ஆடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்
2019 – 2023: கணக்கு உதவியாளர், ஆடிட்டர் அலுவலகம், கோவை
2017 – 2021: கணக்காளர், பம்ப்செட் தொழிற்சாலை, கோவை
மொத்த அனுபவம்: 12 ஆண்டுகள்

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் இதைப் படிக்கும்போது முதலில் எழுவது சந்தேகம்தான். வேலைப் பட்டியலைப் படிக்கிற யாருக்கும் ஒரு பழக்கம் உண்டு: ஒரு வேலை முடிந்த இடத்தில் அடுத்த வேலை தொடங்கும் என்று எடுத்துக்கொள்வது. அந்தப் பழக்கத்தோடு கீழிருந்து மேலே வந்தால், 2021 வரை தொழிற்சாலையில் இருந்தவர் 2019-இலேயே ஆடிட்டரிடம் எப்படிச் சேர்ந்தார்? தட்டச்சுப் பிழையா? 2019-இல் தொழிற்சாலையை விட்டுவிட்டு, இடைவெளி தெரியக்கூடாது என்று தேதியை இழுத்துவிட்டாரா? 2021-க்கும் 2023-க்கும் நடுவில் இருந்தது கோவையிலா, திருப்பூரிலா? கடைசியாக அந்த 12 ஆண்டு. 2017-இல் பட்டம் வாங்கியவருக்கு 2025-இல் எட்டு வருடத்துக்கு மேல் அனுபவம் இருக்க வழியில்லை. படிப்பு விவரமும் அதே தாளில் இருப்பதால், கணக்கு இடிப்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் கால்குலேட்டர் தேவைப்படாது. கணக்காளர் வேலைக்கு வந்த விண்ணப்பத்தில் கூட்டல் தவறு என்றால் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் தேதியைச் சரிசெய்வோம். வெறும் ஆண்டு மட்டும் போட்டால், ஒன்றின் மேல் ஒன்று படியும் வேலைகளில் குழப்பம் பல மடங்காகிறது. ‘2019’ என்பது ஜனவரியாகவும் இருக்கலாம், டிசம்பராகவும் இருக்கலாம். இந்தப் பெண்ணின் உண்மையான தேதிகள்: தொழிற்சாலையில் ஜூன் 2017 முதல் ஏப்ரல் 2021 வரை, ஆடிட்டர் அலுவலகத்தில் ஜனவரி 2019 முதல் மார்ச் 2023 வரை, திருப்பூரில் ஜூலை 2021 முதல் இன்று வரை. மாதம் வந்தவுடன் ஆண்டு மட்டும் இருந்தபோது தெரியாத ஒன்று வெளியே வருகிறது. 2021 மே, ஜூன் இரண்டு மாதமும் அவருக்கு முழுநேர வேலை இல்லை. கொரோனா இரண்டாம் அலைக்காக அந்த மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு இருந்த நேரம் அது. அந்த இரண்டு மாதமும் ஆடிட்டர் வேலையை வீட்டிலிருந்து செய்துகொண்டிருந்தார். அதாவது, குழப்பம் என்று நினைத்து இந்தப் பகுதிநேர வேலையை அவர் பட்டியலிலிருந்தே எடுத்திருந்தால், அங்கே ஓர் ஓட்டை விழுந்திருக்கும்.

மாதத்தை எழுத்தில் எழுதுவது நல்லது. 04/05/2021 என்று போட்டால் நமக்கு அது மே 4. அமெரிக்க வழக்கத்தில் படிப்பவருக்கு ஏப்ரல் 5. விண்ணப்பம் எந்த ஊர் அலுவலகத்தில் சரிபார்க்கப்படும் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே தேதிகள் ஒன்றோடொன்று மோதுகிற பட்டியலில் ஒரு மாதம் முன்னே பின்னே புரிந்துகொள்ளப்பட்டாலும் தொல்லைதான்.

அடுத்து, எது முழுநேரம், எது பகுதிநேரம் என்று சொல்வது. இதைச் சிலர் எல்லா வேலை விவரமும் முடிந்த பிறகு கடைசியில் ஒரு குறிப்பாகப் போடுகிறார்கள். அதற்குள் படிப்பவர் மனதில் சந்தேகம் உட்கார்ந்துவிடும். பதவியின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே வரியில் இருக்க வேண்டும். ‘பகுதிநேரம்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்தால் கேள்வியே எழாது. தொழிற்சாலை சாயங்காலம் ஐந்தரைக்கு முடிகிறது, ஆடிட்டர் அலுவலகம் ஆறரை முதல் எட்டரை வரை, வாரம் ஆறு நாள். ஆகவே வாரம் 12 மணி நேரம். இது யாரும் நம்பக்கூடிய கணக்கு.

ஆனால் திருப்பூருக்குப் போன பிறகு அந்தக் கணக்கு ஒத்துவராது. கோவைக்கும் திருப்பூருக்கும் இடையில் ஐம்பது கிலோமீட்டர் தூரம். தினமும் போய் வருகிறவர் ஆறரைக்குக் கோவையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. உண்மையில் ஜூலை 2021-க்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் வேலை பார்த்தார். ஒரே பகுதிநேர வேலையின் நடுவில் நேரம் மாறியிருந்தால் அதையும் எழுத வேண்டும். வேலை ஒன்றுதான் என்பதால் அதை இரண்டாகப் பிரித்து இரண்டு தலைப்பாகப் போட வேண்டாம். ஒரே பதிவின் கீழ் ஒரு வரி போதும். ஊர் பெயரை விட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தெரியாதே என்று தோன்றலாம். ஊர் பெயர் அனுபவச் சான்றிதழின் தலைப்பிலேயே இருக்கும். நேர்முகத் தேர்வில் வெளியே வருவதைவிடத் தாளிலேயே விளக்கிவிடுவது மேல்.

திருத்தி எழுதினால் இப்படி வரும்:

ஜூலை 2021 – இன்று வரை
கணக்காளர் (முழுநேரம்), ஆடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்

ஜனவரி 2019 – மார்ச் 2023
கணக்கு உதவியாளர் (பகுதிநேரம், முழுநேர வேலைக்கு வெளியே), ஆடிட்டர் அலுவலகம், கோவை
ஜூன் 2021 வரை வாரம் 12 மணி நேரம். அதன்பின் ஞாயிறு மட்டும், 5 மணி நேரம்

ஜூன் 2017 – ஏப்ரல் 2021
கணக்காளர் (முழுநேரம்), பம்ப்செட் தொழிற்சாலை, கோவை

ஒவ்வொரு பதிவையும் தனியாகப் படித்தாலும் புரிகிறது. மேலே உள்ளதையோ கீழே உள்ளதையோ பார்த்துத்தான் இதன் பொருளை ஊகிக்க வேண்டும் என்ற நிலை இல்லை.

வரிசை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். கடைசி வேலை முதலில் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முறை. ‘கடைசி’ என்பது எதை வைத்து? சேர்ந்த தேதியை வைத்தா, விட்ட தேதியை வைத்தா? வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும்வரை இரண்டும் ஒரே வரிசையைத்தான் தரும். மேலே சொன்ன பெண்ணின் பட்டியலிலும் அப்படியே. ஒரு வேலை இன்னொன்றின் வயிற்றுக்குள் அடங்கிவிடும்போதுதான் வேறுபாடு தெரியும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆகஸ்ட் 2016 முதல் டிசம்பர் 2023 வரை வடிவமைப்பாளராக இருந்த ஒருவர், நடுவில் மார்ச் 2019 முதல் ஆகஸ்ட் 2020 வரை வாரக் கடைசியில் ஒரு பயிற்சி மையத்தில் வகுப்பு எடுத்தார் என்று கொள்வோம். சேர்ந்த தேதிப்படி அடுக்கினால் வகுப்பு எடுத்தது மேலே வரும், அச்சகம் கீழே போகும். வேகமாகப் படிப்பவருக்கு, அச்சகத்தை விட்டுவிட்டு ஆசிரியராகப் போனவர் 2020-க்குப் பிறகு சும்மா இருந்தார் என்று தோன்றும். விட்ட தேதிப்படி அடுக்கினால் அச்சகம் மேலே, அதற்குள் நடந்தது கீழே. அதனால் நான் எப்போதும் விட்ட தேதியைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டு வேலையும் இன்றுவரை தொடர்கிறது என்றால் முழுநேரம் மேலே, பகுதிநேரம் அதற்குக் கீழே. எந்த முறையை எடுத்தாலும் தாள் முழுக்க அதே முறை. ஒரு பக்கத்தில் இப்படி, மறுபக்கத்தில் அப்படி என்று மாற்றினால் எல்லா உழைப்பும் வீண்.

எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவதா, ‘முழுநேரப் பணி’, ‘பகுதிநேரப் பணி’ என்று இரண்டு தலைப்பாகப் பிரிப்பதா என்பது அடுத்த கேள்வி. பகுதிநேர வேலை ஒரு இடைவெளியை நிரப்புகிறது என்றாலோ, இப்போது விண்ணப்பிக்கும் வேலைக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது என்றாலோ ஒரே பட்டியலில் இருக்கட்டும். நம் பெண் இப்போது வரிப் பிரிவு வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்றால், ஆடிட்டர் அலுவலகத்தில் மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்த அனுபவம்தான் அவருடைய பலம். அதைப் பின்பக்கத்தில் தனித் தலைப்பில் ஒளித்துவைக்கக் கூடாது. மாறாக, சின்னச் சின்னதாக நாலைந்து பகுதிநேர வேலைகள் இருந்து, அவை முழுநேர வேலைகளின் ஓட்டத்தை வெட்டிக்கொண்டே இருந்தால் தனித் தலைப்பு நல்லது. நாலு வீட்டில் டியூஷன் எடுத்தவர் நாலு பதிவு போட வேண்டியதில்லை. ‘கணித டியூஷன், 10 மற்றும் 12-ஆம் வகுப்பு, ஜூன் 2015 – மார்ச் 2019, வாரம் 8 மணி நேரம்’ என்று ஒரே பதிவாகச் சுருட்டிவிடலாம்.

இனி அந்த மொத்த அனுபவம். அவர் 12 ஆண்டு என்று எப்படி வந்தார்? தொழிற்சாலையில் 47 மாதம், ஆடிட்டரிடம் 51 மாதம், திருப்பூரில் 48 மாதம். கூட்டினால் 146 மாதம், 12 ஆண்டும் 2 மாதமும். ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் நாட்காட்டியில் அது ஒரு மாதம்தான். ஜூன் 2017-இல் தொடங்கி ஜூன் 2025 வரை எண்ணினால் 97 மாதம், 8 ஆண்டும் 1 மாதமும். அதில் முழுநேரம் மட்டும் 95 மாதம், அதாவது 7 ஆண்டு 11 மாதம். ஆகவே ‘8 ஆண்டு அனுபவம் (முழுநேரம் 7 ஆண்டு 11 மாதம்)’ என்று எழுதினால் யாரும் எங்கிருந்தும் குறை சொல்ல முடியாது. இதற்காக அவர் ஆடிட்டரிடம் செய்த உழைப்பு காணாமல் போய்விடாது. அது ஆண்டுக் கணக்கில் தெரியாது. என்னென்ன வேலை தெரியும் என்ற கணக்கில் தெரியும்.

வெளிநாட்டு விண்ணப்பங்களில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகப் போக நினைப்பவர்களுக்கு, ஓர் ஆண்டு முழுநேர அனுபவம் என்பது வாரம் 30 மணி நேரம் வீதம் 1,560 மணி நேரம். வாரம் 15 மணி நேர வேலை இரண்டை ஒரே சமயத்தில் செய்திருந்தால் இரண்டையும் சேர்த்து 30 என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வாரத்தில் 30-க்கு மேல் எவ்வளவு உழைத்திருந்தாலும் கூடுதல் நேரத்துக்கு மதிப்பு கிடையாது. நம் பெண்ணுக்குத் தொழிற்சாலை வேலையே வாரம் 30 மணியைத் தாண்டிவிடுவதால், மாலை நேர 12 மணி அங்கே அவருடைய ஆண்டுக் கணக்கில் ஒன்றும் கூட்டாது. அமெரிக்க மத்திய அரசு வேலைகளுக்கு USAJOBS தளத்தில் விண்ணப்பிக்கும்போதும் ஒவ்வொரு வேலைக்கும் மாதம், ஆண்டு, வார மணி நேரம் மூன்றும் கேட்கிறார்கள். பகுதிநேர வேலையை அதன் அளவுக்குத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால்தான் மணி நேரத்தைக் கையோடு குறித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஐந்து வருடம் கழித்து யாருக்கும் அது சரியாக நினைவிருக்காது.

தாளில் எழுதுவது ஒரு பக்கம். அதைச் சரிபார்க்கிறவர்கள் கையில் இருப்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முழுநேர வேலைக்குப் பி.எஃப். இருந்தால் யு.ஏ.என். எண்ணின் கீழ் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதி, விட்ட தேதி இரண்டும் பதிவாகும். பழைய நிறுவனம் விட்ட தேதியைப் போடாமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது, நிஜத்தில் படியாத இரண்டு முழுநேர வேலைகள்கூட ஒன்றின் மேல் ஒன்று படிந்ததாகக் காட்டும். நம் பெண்ணின் தொழிற்சாலை 2021 ஏப்ரலில் கணக்கை முடிக்காமல் விட்டிருந்தால், திருப்பூரில் சேர்ந்த பிறகும் தொழிற்சாலையில் இருப்பதாகத்தான் பதிவு சொல்லும். பகுதிநேர வேலையை வேறு பட்டியலில் காட்டியவருக்கு இது இரட்டைச் சிக்கல்: எது உண்மையில் படிந்தது, எது பதிவுக் கோளாறு என்று பார்ப்பவருக்குத் தெரியாது. கடைசி சந்தா கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு, விட்ட தேதியை உறுப்பினரே யு.ஏ.என். தளத்தில் Manage பகுதியில் உள்ள Mark Exit மூலம் போட்டுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: அங்கே போடுகிற தேதியும் ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியும் பயோடேட்டாவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆடிட்டர் அலுவலகம் போன்ற சிறிய இடங்களில் நிலைமை நேர்மாறு. இருபது பேருக்குக் கீழே இருக்கும் இடத்தில் பொதுவாகப் பி.எஃப். இருக்காது. எனவே அந்த வேலை எந்தப் பதிவிலும் தெரியாது. அதற்குச் சாட்சி ஒரு கடிதமும் வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்த பணமும்தான். அந்தக் கடிதத்தை வாங்கும்போது நம்மவர்கள் கூச்சப்பட்டு, அவர் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். ‘ஜனவரி 2019 முதல் மார்ச் 2023 வரை எங்கள் அலுவலகத்தில் கணக்கு உதவியாளராகப் பணிபுரிந்தார்’ என்று மட்டும் இருந்தால், நீங்கள் பயோடேட்டாவில் எவ்வளவு கவனமாகப் ‘பகுதிநேரம்’ என்று எழுதியிருந்தாலும் கடிதம் அதற்கு எதிராகப் பேசும். “சார், பார்ட் டைம்னு போட்டு, டைமிங்கையும் சேர்த்து எழுதிக் கொடுங்க” என்று கேட்டு வாங்குங்கள். வேலையை விடும் வாரத்தில் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மூன்று வருடம் கழித்துப் போனால் அலுவலகம் இடம் மாறியிருக்கும், உங்களைத் தெரிந்தவர் அங்கே இருக்க மாட்டார்.

இவ்வளவு சிக்கலுக்குப் பதில் பகுதிநேர வேலையை எழுதாமலே விட்டால் என்ன? பயோடேட்டாவில் விடலாம். அது நீங்களே தேர்ந்தெடுத்து எழுதும் தாள். எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை. வேலை கிடைத்த பிறகு நிறுவனம் தரும் சரிபார்ப்புப் படிவம் வேறு. ‘இதுவரை செய்த எல்லா வேலைகளையும் குறிப்பிடவும்’ என்று அதில் கேட்டிருந்தால் எல்லாம் என்றால் எல்லாம்தான். அங்கே விட்டது பிறகு வெளிப்பட்டால் மறைத்ததாக எடுத்துக்கொள்வார்கள், கையெழுத்தும் உங்களுடையது. இன்னொரு வகை உண்டு: முதல் நிறுவனத்தின் நியமனக் கடிதத்திலேயே வெளியே வேறு வேலை பார்க்கக் கூடாது என்று இருந்து, அதையும் மீறிப் பார்த்த வேலை. 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனத் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகச் சுமார் 300 பேரை நீக்கியதாகச் சொன்ன பிறகு, மனிதவளத் துறையினர் படிந்த தேதிகளை முன்பைவிட உற்றுப் பார்க்கிறார்கள். எப்படி எழுதினாலும் அந்த மீறல் அழகாகிவிடாது. முன்அனுமதி வாங்கியிருந்தால் அதை எழுத்தில் வைத்திருங்கள். மின்னஞ்சலில் ‘சரி’ என்று வந்த ஒரு வரிப் பதில்கூடப் போதும்.

நேர்முகத் தேர்வில் இதைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம் வரும். “ரெண்டையும் எப்படிம்மா சமாளிச்சீங்க?” என்பார்கள். அவர்கள் அறிய விரும்புவது உங்கள் பகல் வேலை இதனால் கெட்டதா என்பதைத்தான். ஜி.எஸ்.டி.யில் மாதாந்திரத் தாக்கலுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் முக்கியமான நாட்கள் என்பது கணக்கு தெரிந்த எவருக்கும் தெரியும். தொழிற்சாலையிலும் அதே நாட்களில்தான் நெருக்கடி. நம் பெண் அந்த நாட்களுக்கு முன்பே ஆடிட்டர் அலுவலகத்தின் வாடிக்கையாளர்களுடைய பில்களை முந்தைய வாரத்தில் ஏற்றி முடித்துவிடுவார். அவர் சொல்ல வேண்டிய பதிலும் அதுவே: “பத்தாம் தேதிக்குள்ள ஆடிட்டர் ஆபீஸ் வேலையை முடிச்சிடுவேன் சார். பதினொண்ணும் இருபதும் தொழிற்சாலைக்குத்தான்.”